நேற்றைய கறியை எத்தனை தரம் சூடாக்கலாம்? மூண்டு கேள்வி, வீட்டுக்குள்ள சண்டை

அலஸ்தோட்டம் கடை | ஜூன் 8, இரவு 9.40

உணவு கையாளுறவைக்கு வைச்ச பயிற்சியில மூண்டு சம்பவக் கேள்வி தந்தவை. வீட்டில ஆளுக்கொரு விடை. அப்பிடியே போடுறன்.

ஒண்டு. சனி காலை 11 மணிக்கு 6 கிலோ கோழிக்கறி இறக்கியாச்சு. மத்தியானம் பாதி போச்சு, மிச்சம் 3 கிலோ பிரிட்ஜுக்குள்ள. ஞாயிறு மத்தியானம் அந்த மூண்டையும் சூடாக்கி வித்து, இன்னும் 1 கிலோ மிச்சம். ஞாயிறு இரவு அதைத் திரும்பச் சூடாக்கி விக்கலாமா?

இரண்டு. இரவு 10 மணிக்கு வடிச்ச சோறு பானையோட மேசையில. விடிய 6 மணிக்கு அதைத் தாச்சியில போட்டுப் பெருநெருப்பில பிரட்டினா 90 பாகைக்கு மேல சூடு வருது. சாப்பிடலாமா?

மூண்டு. பிரிட்ஜில இருந்து எடுத்த கறியைக் காலை 8 மணிக்கு நேரா, ரோல்ஸ் வைக்கிற பல்பு போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சா 12 மணிக்கு விக்கலாமா?

என்ர விடை: முதலாவதுக்கு ஓம், நடுவில 75 பாகை வந்தாச் சரி. இரண்டாவதுக்கும் ஓம். மூண்டாவதுக்கு இல்லை. தம்பி மூண்டுக்கும் இல்லை எண்டு நிக்கிறான்.

மட்டிக்களி | ஜூன் 8, இரவு 10.05

கொதிச்சாச் சரி. கொதியில உயிரோட இருக்கிற கிருமி எது? பிரிட்ஜ் இல்லாத காலத்தில மீன்கறியைப் படுக்கமுதல் ஒருக்கா, விடிய ஒருக்கா கொதிக்கவைச்சு மூண்டு நாள் சாப்பிட்டவை. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல. உங்கட முதல் இரண்டு விடையும் சரி.

குசினி மேற்பார்வை | ஜூன் 8, இரவு 11.20

உங்கள் தம்பியின் விடைதான் சரி. ஆனால் முதலாம் கேள்வியில் அவர் சொன்ன காரணம் என்னவென்று தெரியவேண்டும். “திரும்பத் திரும்பச் சூடாக்கினால் விஷமாகும்” என்று எழுதியிருந்தால் விடை சரி, காரணம் பிழை.

இரண்டாவதை முதலில் முடிப்போம், அது நேரானது. சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கும். அரிசியோடு வயலிலிருந்தே வருபவை. சோறு வேகும் கொதியில் அவை சாகாது. பானையில் சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகும். திருகோணமலை இரவில், மூடின பானைக்குள் எட்டு மணி நேரம் என்றால் அதற்கு வேறு வசதி தேவையில்லை. பெருகும்போது அது வாந்தி வரச்செய்யும் ஒரு நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவிடும். அந்த நஞ்சு 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. தாச்சியில் 90 பாகை வந்தால் பக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே கிடக்கும். நாறாது, புளிக்காது, நிறம் மாறாது. சாப்பிட்டவருக்கு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

ஆகவே மட்டிக்களி சொன்னதில் பாதி உண்மை. கொதி கிருமியைக் கொல்லும். கிருமி ஏற்கெனவே விட்டுவிட்டுப் போனதைக் கொதி ஒன்றும் செய்யாது.

மட்டிக்களி | ஜூன் 9, காலை 6.15

அப்ப பழஞ்சோறு? இரவு தண்ணி ஊத்தி வைச்சு விடிய வெங்காயம், பச்சைமிளகாயோட சாப்பிடுறது. அதுவும் எட்டு மணி நேரம்தான். அதையும் இனி நிப்பாட்டவேணுமோ?

குசினி மேற்பார்வை | ஜூன் 9, காலை 7.02

பழஞ்சோறு வேறு வழியில் போகிறது. தண்ணீருக்குள் புளிப்புப் பக்டீரியா வேலை செய்து அமிலம் கூடும்போது சீரியஸ் பின்வாங்கும். எவ்வளவு வேகமாகப் புளிக்கிறது என்பது பானை, தண்ணீர், அன்றைய வெக்கை எல்லாவற்றையும் பொறுத்தது, அதனால் எல்லாப் பானைக்கும் சேர்த்து ஒரு உறுதி தர மாட்டேன். இங்கே கேட்டது தண்ணீர் ஊற்றாத சோற்றைப் பற்றி. அதில் புளிப்பும் இல்லை, காவலும் இல்லை.

உட்துறைமுக வீதி | ஜூன் 9, காலை 8.30

கந்தோரில சோத்துப் பார்சலை மைக்ரோவேவில 2 நிமிசம் வைச்சா ஓரம் கை சுடுது, நடுவில இருக்கிற பருப்பு பச்சைத்தண்ணி மாதிரி. மெசின் பழுதோ? 75 பாகை எண்டு பட்டன் ஒண்டும் இல்லை.

கின்னியா நானா | ஜூன் 9, காலை 9.10

மெசின்ல பழுது இல்ல தம்பி. மைக்ரோவேவ் வெளியிலேருந்து கொஞ்ச ஆழத்துக்குத்தான் நேரா சூடாக்கும், நடுவுக்குச் சூடு பையப் போய்ச் சேரணும். லஞ்ச் சீட்டோட வைக்காதீங்க, அது பொலித்தீன். பீங்கான் தட்டுல கொட்டிப் பரப்பி, நடுவுல குழி விட்டு, மூடி போட்டு ஒரு நிமிசம். எடுத்துக் கிளறி இன்னொரு நிமிசம். பொறவு மூடினபடியே 2 நிமிசம் வைச்சுட்டுத் திறங்க. அந்தக் கடைசி 2 நிமிசத்தைத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க. சூடு ஓரத்துலேருந்து நடுவுக்குப் பரவுறது அப்பதான்.

ஆனா காலைல 6 மணிக்குக் கட்டின பார்சல் 1 மணி வரைக்கும் மேசைல கெடந்திருந்தா, மைக்ரோவேவ் அதக் காப்பாத்தாது. மேல சோத்துக்குச் சொன்னதுதான்.

குசினி மேற்பார்வை | ஜூன் 9, மதியம் 1.45

முதலாம் கேள்வி. அந்தக் கேள்வியில் மிக முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை 11 மணிக்கு இறக்கிய கறி எத்தனை மணிக்குப் பிரிட்ஜுக்குள் போனது, எந்தப் பாத்திரத்தில் போனது? முழு விடையும் அதில் தொங்குகிறது.

சட்டி அடுப்பிலிருந்து இறங்கும்போது 95 பாகை. மூடியைப் போட்டு மேசையில் வைத்தால், 6 கிலோ கறி 60 பாகைக்கு இறங்கவே நேரம் பிடிக்கும். அதுவரை பயமில்லை. அதற்குக் கீழே இறங்கிய பிறகுதான் மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். இறைச்சிக் கறியில் பெரிய எதிரி பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பக்டீரியா. அதற்கும் வித்தி உண்டு, கொதியைத் தாங்கும். சொல்லப்போனால் சமையல் சூடே அந்த வித்தியை முளைக்கத் தட்டி எழுப்பும். பெரிய சட்டியின் நடுவில் காற்றும் குறைவு, அதுவும் அதற்குப் பிடித்தது. 45 பாகைக்குக் கிட்ட நல்ல வசதி கிடைத்தால் 10 நிமிடத்துக்கு ஒருக்கால் இரட்டிக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். இரண்டு மணி நேரத்தில் 4,096. மூன்று மணி நேரத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேல். மூடின பெரிய சட்டி 50 பாகையிலிருந்து 35 பாகைக்கு இறங்க எடுக்கும் நேரம் அநேகமாக அதைவிடக் கூட.

இப்போது சூடாக்கலைப் பாருங்கள். ஞாயிறு மதியம் 75 பாகைக்கு ஏற்றினால் பெருகியவை சாகும். வித்தி சாகாது. 1 கிலோ மிஞ்சி, அது திரும்ப ஆறும்போது அதே வித்திகள் திரும்ப முளைக்கும். ஆகச் சூடாக்குவது குற்றமில்லை. ஒவ்வொரு சூடாக்கலுக்கும் பின்னால் ஒரு ஆறுதல் வருகிறது, ஒவ்வொரு ஆறுதலிலும் அந்தக் கறி 60க்கும் 5க்கும் இடையில் ஒருக்கால் நடந்து போகிறது. ஏறும்போதும் நடக்கிறது. அந்த நேரங்கள் கூடிக்கொண்டே போகும். இடையில் அகப்பை விட்டு, ருசி பார்த்து, மூடி திறந்து எடுத்ததில் கைக் கிருமியும் போய்ச் சேர்ந்திருக்கும். ஸ்டெபிலோகொக்கஸ் அப்படி வருவது, அதன் நஞ்சும் கொதிக்கு அசையாது.

அதனால் இரண்டாம் தரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இது. கடைக்கு என் விடை: பிரிட்ஜிலிருந்து வந்த கறியை ஒரே ஒரு தரம் சூடாக்கு. அதில் மிஞ்சியது குப்பைக்கு.

அலஸ்தோட்டம் கடை | ஜூன் 9, மாலை 6.30

சனிக்கிழமை பிரிட்ஜுக்குள்ள போன நேரம் கேள்வியில உண்மையாவே இல்லை. எங்கட கடையில எண்டா ஆறினாப் பிறகு, 5 மணி போல வைப்பம். சுடச்சுட வைச்சாப் பிரிட்ஜ் பழுதாகும் எண்டு சொல்லித்தான் பழக்கம்.

கின்னியா நானா | ஜூன் 9, இரவு 8.00

அந்தப் பழக்கம்தான் ஆபத்து. 11 மணிக்கு எறக்கி 5 மணி வரைக்கும் மேசைல எண்டா ஆறு மணித்தியாலம், அதுவும் கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல. சுடச்சுடப் பெரிய சட்டியோட உள்ள வைக்காதீங்க, அது சரி. பக்கத்துல இருக்கிற பாலும் மீனும் சூடேறும், சட்டி நடு ராத்திரி வரைக்கும் ஆறாது. வைக்காம விடுறதும் சரியில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேல இருக்கு.

புரியாணி இறைச்சி மிஞ்சினா நாங்க செய்யிறது: அகலமான தட்டுகள்ல ரெண்டு அங்குல ஒயரத்துக்கு மேல போகாம ஊத்துவம். தட்ட ஐஸ் போட்ட தண்ணித் தொட்டில எறக்கி, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கிளறுவம். ஐஸ் மீன் வாடிலயே கெடைக்கும், ஆனா அது சாப்பாட்டுக்குள்ள விழப்படாது, வெளியில மட்டும்தான். அரை மணியிலேருந்து முக்கால் மணிக்குள்ள கைச்சூடு போயிரும். பொறவு மூடிய லேசா சாய்ச்சு பிரிட்ஜுக்குள்ள, தட்டுக்கு மேல தட்டு அடுக்காம. நல்லாக் குளிந்த பொறவு மூடிய அமத்துங்க.

குசினி மேற்பார்வை | ஜூன் 9, இரவு 8.40

நானா சொன்னதுக்கு ஒரு அளவு மட்டும் சேர்க்கிறேன். பெரிய குசினிகளில் பிடிக்கும் கணக்கு: 60 பாகையிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள். முதல் இரண்டு மணி நேரம்தான் உயிர். அது தவறினால் கறியை உடனே 75க்குத் திரும்ப ஏற்றி, திரும்ப ஆற்றத் தொடங்கலாம். ஆனால் தவறியதை இரண்டு மணி நேரத்திலேயே கண்டுபிடித்தால் மட்டும். 5 மணிக்குக் கண்டுபிடித்தால் எறியவேண்டியதுதான்.

வீட்டுக்குச் சுருக்கமாக: மேசையில் இரண்டு மணி நேரம். வெளியே 32 பாகைக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். இங்கே ஜூன் மாதத்து மதியம் அநேகமாக இரண்டாவது கணக்குத்தான்.

ஆய்வுகூடத்து மேசை | ஜூன் 10, காலை 10.15

இரண்டு திருத்தம்.

“75 பாகை” என்று எல்லோரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சூடும் நேரமும் சேர்ந்ததுதான் அளவு. பிரித்தானியாவில் 70 பாகையில் 2 நிமிடம் என்பார்கள். 75இல் 30 விநாடி, 80இல் 6 விநாடி, எல்லாம் அதற்குச் சமம். அமெரிக்காவில் 74 பாகை, 15 விநாடி. ஸ்கொட்லாந்தில் திரும்பச் சூடாக்கும் சாப்பாட்டுக்கு 82 கேட்கிறார்கள்.

மற்றது, “ஒரே ஒரு தரம்” என்பது எல்லா நாட்டிலும் இல்லை. பிரித்தானிய அறிவுரை ஒரு தரம்தான். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின்படி, ஒவ்வொரு தரமும் 74க்கு ஏற்றி, இடையில் ஒழுங்காகக் குளிரவைத்தால் எத்தனை தரமும் ஏற்றலாம், ருசிதான் போகும். ஆகவே கடைக்காரி எழுதிய “ஓம், 75 வந்தால்” என்ற விடையை முழுப் பிழை என்று வெட்டக்கூடாது. நிபந்தனையை எழுதாமல் விட்டார், அவ்வளவுதான்.

குசினி மேற்பார்வை | ஜூன் 10, மதியம் 12.30

நேர விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். நான் 75 என்று சொல்லிக்கொடுப்பது, அந்த எண்ணைக் கண்டபிறகு மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை என்பதால். சாப்பாட்டு நேரத்துக் குசினியில் 2 நிமிடம் எண்ண ஒருவரும் நிற்கமாட்டார்கள். கிளறி முடிய முப்பது விநாடி தானாகப் போய்விடும்.

இரண்டாவதில் உடன்பாடில்லை. “இடையில் ஒழுங்காகக் குளிரவைத்தால்” என்ற அந்த மூன்று சொல்லில்தான் முழுப் பாரமும் இருக்கிறது. ஞாயிறு மதியம் விற்று மிஞ்சிய 1 கிலோ எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்று கடையில் யாருக்குத் தெரியும்? தெரியாத ஒன்றை நிபந்தனையாக வைத்து மற்றவருக்குச் சாப்பாடு விற்கக்கூடாது.

ஆய்வுகூடத்து மேசை | ஜூன் 10, மதியம் 12.50

தெரிந்தால்? வெப்பமானியும் குறிப்புப் புத்தகமும் வைத்திருக்கும் கடை என்றால்?

குசினி மேற்பார்வை | ஜூன் 10, மதியம் 12.58

அப்படி வைத்திருக்கும் கடைக்காரர் 1 கிலோ மிஞ்சுகிற அளவுக்குச் சூடாக்கமாட்டார்.

அலஸ்தோட்டம் கடை | ஜூன் 11, இரவு 9.15

கம்பி வெப்பமானி ஒண்டு வாங்கி இண்டைக்கு அளந்தம். பிரிட்ஜில இருந்து எடுத்த கோழிக்கறி, 4 லீற்றர் சட்டி, 6 பாகை. நடுத்தர நெருப்பு, மூடி போட்டு, கிளறேல்ல. 6 நிமிசத்தில ஓரம் எல்லாம் கொப்பளிக்குது, ஆவி வருது, மேல எண்ணெய் மிதக்குது. வழக்கமா அந்த நேரத்தில இறக்கிடுவம். கம்பியை நடுக்குழம்பில விட்டா 52. பெரிய தொடைத் துண்டுக்குள்ள விட்டா 31.

ரெண்டு தரம் அளந்தம், நம்பேலாம. ரெண்டு தரமும் உதே கதை. பிறகு அடியில இருந்து கிளறிக் கிளறி இன்னும் 9 நிமிசம். குழம்பு 88, தொடைத் துண்டு 76.

குசினி மேற்பார்வை | ஜூன் 11, இரவு 10.00

31 பாகை என்பது அன்றைய காற்றின் சூடு. அந்தத் துண்டு சூடாகவே இல்லை, குளிர் மட்டும் போயிருக்கிறது. கொப்பளிப்பை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்ந்த தடித்த குழம்பு தண்ணீர் மாதிரிச் சுழன்று ஓடாது. அடியில் பட்ட சூடு அடியிலும் ஓரத்திலும் நின்று கொப்பளிக்கும், நடு அப்படியே கிடக்கும்.

அளக்கும்போது ஆகப் பெரிய துண்டை எடுங்கள், எலும்பில் முட்டாமல் சதையின் நடுவுக்குக் கம்பியை விடுங்கள். எலும்பில் முட்டினால் எண் பொய் சொல்லும். சட்டியின் அடியில் முட்டினாலும் அப்படித்தான். உங்களுடையது முள்ளுச் சுற்றும் வட்ட வெப்பமானியா, எண் காட்டுவதா? வட்டமானது கம்பியின் நுனியில் மட்டும் அளக்காது, நுனியிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் சேர்த்துச் சராசரி காட்டும். கோழித்துண்டுக்குள் அவ்வளவு இறங்காது. எண் காட்டும் மெல்லிய நுனிதான் துண்டுக்குச் சரி.

அலஸ்தோட்டம் கடை | ஜூன் 11, இரவு 10.12

எண் காட்டுறது. சரியா அளக்குதா எண்டு எப்பிடித் தெரியும்?

கின்னியா நானா | ஜூன் 11, இரவு 10.30

ஒரு கோப்பை நெறைய நொறுக்கின ஐஸ், இடைவெளி அடையிற அளவுக்குத் தண்ணி. கிளறிட்டுக் கம்பிய நடுவுல பிடிங்க, கோப்பைல முட்டப்படாது. சைபர் காட்டணும். ஒரு பாகை அங்க இங்க இருந்தாப் பரவால்ல. நம்ம ஊர் கடல் மட்டம்தானே, கொதிக்கிற தண்ணில 100 காட்டணும். நுவரெலியாவுல இருக்கிற சொந்தக்காரருக்கு இதச் சொல்லாதீங்க, அங்க தண்ணி 100க்கு முதலே கொதிச்சிரும்.

ஒவ்வொரு சட்டிக்கும் எடைல கம்பிய ஸ்பிரிற்றால தொடைங்க. பச்சை இறைச்சில விட்ட கம்பிய அப்பிடியே சமைச்ச கறில விட்டா செஞ்ச வேல எல்லாம் வீண்.

உட்துறைமுக வீதி | ஜூன் 12, காலை 8.20

துவக்கு மாதிரிப் பிடிச்சு அமத்துற வெப்பமானி இருக்கு, நெத்திக்குப் பிடிக்கிறது. அதால பாத்தாக் காணாதோ?

ஆய்வுகூடத்து மேசை | ஜூன் 12, காலை 8.45

காணாது. அது மேற்பரப்பை மட்டும் பார்க்கும். நெற்றிக்குச் செய்தது உடம்புச் சூட்டுக்கு அந்தப் பக்கம் அளக்கவும் மாட்டாது.

மட்டிக்களி | ஜூன் 12, மாலை 5.40

சொதிக்கு என்ன செய்யிறது? கொதிச்சாத் திரைஞ்சு போகும், அதால எல்லாரும் இளஞ்சூட்டோட இறக்குவினம். 75 எண்டு நிண்டா ஒரு வீட்டிலயும் நேற்றுச் சொதி இருக்காது.

குசினி மேற்பார்வை | ஜூன் 12, இரவு 7.10

நல்ல கேள்வி, இந்த இழையில் வந்ததிலேயே வீட்டுக்கு அதிகம் உதவுவது. 75க்குக் கொதி தேவையில்லை. சொதி திரைவது கொதி வரும்போது, அதுவும் தேசிக்காய்ப்புளி விட்டபிறகு என்றால் இன்னும் கெதியாக. 75இல் சொதி எப்படி இருக்கும் என்றால், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரத் தொடங்கியிருக்கும், நல்ல ஆவி வரும், விரல் வைக்க ஏலாது, ஆனால் மேற்பரப்பு புரளாது. சிறு நெருப்பில் ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருந்தால் அங்கே நிறுத்தலாம். சொதி தண்ணியாக இருப்பதால் நடுவும் ஓரமும் கறியைப்போல் வித்தியாசப்படாது.

இளஞ்சூட்டோடு இறக்குவது எல்லாவற்றிலும் மோசம். 40, 45 பாகை. அது சூடாக்கல் இல்லை, கிருமிக்குப் பாய் விரித்துக் கொடுப்பது.

நாளைக்கும் சொதி வேண்டும் என்று இன்றே தெரிந்தால், முதல்பாலும் புளியும் விடாமல் ஒரு பங்கை எடுத்து ஆற்றிக் குளிரவையுங்கள். நாளை அதை நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்போது புதுப்பால் பிழிந்து விடுங்கள்.

மட்டிக்களி | ஜூன் 12, இரவு 9.50

அது செய்யலாம். ஆனா இரவும் விடியவும் கொதிக்கவைச்ச மீன்கறிக்கு இன்னும் விடை வரேல்ல. நஞ்சு கொதியில போகாது எண்டா அந்தச் சனம் எல்லாம் என்னெண்டு தப்பினது?

குசினி மேற்பார்வை | ஜூன் 13, காலை 6.50

யோசித்துப் பார்த்தேன். முதல்நாள் உங்களுக்குப் பாதி உண்மை என்று எழுதியது குறைவு. அந்த மீன்கறிக்குள் கொதியைத் தவிர வேறு மூன்று வேலை நடந்திருக்கிறது. கொறுக்காய்ப்புளியோ பழப்புளியோ நிறையப் போட்டிருப்பார்கள், உப்பும் உறைக்க இருக்கும். தேங்காய்ப்பால் விட்டிருக்கமாட்டார்கள். ஒவ்வொரு கொதியிலும் தண்ணீர் வற்றும். மூன்றாம் நாள் அது குழம்பில்லை, பிரட்டல். சிங்கள வீடுகளில் செய்யும் அம்புல் தியல் பிரிட்ஜ் இல்லாமல் நாட்கணக்கில் நிற்பதும் புளிப்பாலும் வற்றலாலும்தான்.

இன்றைக்கு அதே பெயரில் வைக்கும் மீன்கறியில் புளி பாதி, உப்பு பாதி, பால் இரண்டு பங்கு. பழைய கறிக்கு இருந்த காவலை எடுத்துவிட்டு, பழைய பழக்கத்தை மட்டும் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று மீனுக்கு மட்டும் உள்ளது. சூரை மாதிரி மீன் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சட்டிக்குள் வருமுதலே அதில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அதுவும் கொதியில் போகாது. முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடித்தால் “மீன் ஒத்துவரவில்லை” என்பார்கள். அது கறியைச் சூடாக்கிய பிழையில்லை, மீனை ஐஸில் வைக்காத பிழை.

மட்டிக்களி | ஜூன் 13, காலை 7.30

பால் விடாத புளிக்கறிக்கு அப்ப நான் சொன்னது சரி.

ஆய்வுகூடத்து மேசை | ஜூன் 13, காலை 9.05

அளக்காமல் சொல்ல ஏலாது. புளிப்புக் கூடக் கூடக் குறையும் pH எண் 4.6க்குக் கீழே இருந்தால் ஒரு கதை, மேலே இருந்தால் வேறு கதை. நாக்கு அந்தக் கோட்டைக் காட்டாது. உப்பும் உறைப்பும் சேர்ந்த குழம்பில் புளிப்பு உள்ளதைவிடக் கூடவோ குறையவோ தெரியும்.

கின்னியா நானா | ஜூன் 13, பகல் 11.20

மூணாம் கேள்விய எல்லாரும் மறந்துட்டீங்க. கண்ணாடிப் பெட்டி.

பல்பு சூடு இருக்கிறதக் காக்கத்தான் செய்யும், அதுவும் நல்ல பெட்டியா இருந்தா. பிரிட்ஜ்லேருந்து வந்த கறிய அதுக்குள்ள வைச்சா, மணிக்கணக்கா 20, 30, 40 எண்டு பையப் பைய ஏறும். கிருமிக்கு அதவிட நல்ல பாதை ஒண்டும் இல்ல. மொதல்ல அடுப்புல 75, பொறவு பெட்டில. பெட்டி 60க்குக் கீழ போகப்படாது. சுடுதண்ணித் தொட்டில நிக்கிற தட்டுகளுக்கும் இதான். சோத்துக் குக்கர்ல ‘வாம்’ எண்டு இருக்கிற பட்டனும் அப்பிடித்தான், வடிச்ச சோத்தச் சூடா வைச்சிருக்கும், பழைய குளிர்ச் சோத்தச் சூடாக்காது.

கடைகள்ல பெட்டிக்குள்ள ஒரு கோப்பைத் தண்ணி வைச்சு அரை மணி கழிச்சு அதுல கம்பிய விட்டுப் பாருங்க. மேல் தட்டுல 60 இருக்கும், கீழ் தட்டுல 45 இருக்கும். ரோல்ஸ் அதிகமா இருக்கிறது கீழ்தட்டுலதான்.

அலஸ்தோட்டம் கடை | ஜூன் 14, இரவு 8.50

பாத்தன். மேல் தட்டு 58. கீழ் தட்டு 43. இண்டைக்கே கீழ் தட்டைக் கழட்டியாச்சு.

கறிக்கு இப்ப செய்யிறது: மத்தியானம் 1 மணிக்கே, விக்கிறதுக்குத் தனியச் சட்டி, மிச்சம் உடன தட்டுகளில. ஐஸ்தண்ணி, பிரிட்ஜ். குளிர்ந்தாப் பிறகு ஒரு லீற்றர் பெட்டிகளில பிரிச்சு, மூடியில நாளும் நேரமும். அடுத்த நாள் ஒரு பெட்டி மட்டும் அடுப்பில. கிளறிக்கொண்டு 7 நிமிசத்தில தொடைத் துண்டு 78. அது முடிஞ்சாத்தான் அடுத்த பெட்டி. ஒரு பெட்டியை ஒரு தரம்தான் சூடாக்குறது. நேற்று எறிஞ்சது மூண்டு அகப்பைதான். முன்னம் எண்டா ஒரு கிலோ திரும்பப் பிரிட்ஜுக்குப் போயிருக்கும்.

ஒரு சந்தேகம். கீழ் தட்டைக் கழட்டினாப் பிறகு, சூடாக்கின பெட்டிக்கறி கண்ணாடிப் பெட்டியில மேல் தட்டில 63 பாகையில 12 மணியில இருந்து 3 மணி வரைக்கும் நிண்டிருக்கு. ஒருக்காலும் இறங்கேல்ல, அரை மணிக்கு ஒருக்கா எழுதி வைச்சிருக்கிறம். 3 மணிக்கு மிஞ்சினதை ஆத்திப் பிரிட்ஜில வைச்சு நாளைக்குச் சூடாக்கலாமா?

ஆய்வுகூடத்து மேசை | ஜூன் 14, இரவு 9.20

எழுதி வைத்த எண்கள் உண்மை என்றால், அது 60க்குக் கீழே இறங்கவே இல்லை. தட்டில் ஊற்றி விரைவாக ஆற்றினால் பெருக நேரமே கிடைக்காது. என் கணக்கில் நாளைக்கு 75க்கு ஏற்றி விற்கலாம்.

குசினி மேற்பார்வை | ஜூன் 14, இரவு 9.45

என் கணக்கில் அது சூடாக்கிய கறி, எண் எதுவாக இருந்தாலும். மூன்று மணி நேரம் அகப்பை உள்ளே போய் வந்திருக்கிறது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் இன்றிரவே சுடச்சுடச் சாப்பிடுங்கள். விற்கவேண்டாம்.

கின்னியா நானா | ஜூன் 14, இரவு 10.05

அகப்பை எங்க வைச்சிருந்தீங்க, கறிக்குள்ளயா வெளில தட்டுலயா?

அலஸ்தோட்டம் கடை | ஜூன் 14, இரவு 10.11

வெளியில, தட்டில.

கின்னியா நானா | ஜூன் 14, இரவு 10.14

அப்ப நானும் மேற்பார்வை பக்கம்தான். வெளில கெடக்கிற அகப்பை 31 பாகைல இருக்கு, அதுல ஒட்டின கறியும் அப்பிடித்தான், ஒவ்வொரு தரமும் அது உள்ள போகுது. நாளைலேருந்து பிடி மட்டும் வெளில நிக்கிற மாதிரிக் கறிக்குள்ளயே விடுங்க, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்துங்க.